ஒரு கல்யாணத்துக்கு 350 ஜிகாபைட்

சின்ன ஊர் போட்டோ ஸ்டூடியோக்களில் ஹார்டு டிஸ்க் வாங்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் ‘இடம் இல்லை’ என்று சொன்னதும் கடைக்கு ஓடி, கிடைத்ததை வாங்கி வருவது. அந்த எச்சரிக்கையும் முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும் தை மாதத்திலோ ஆவணியிலோதான் வரும், ஏனென்றால் படங்கள் வந்து குவிவதே அப்போதுதான். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு எவ்வளவு இடம் தேவை என்பதை ஒரு தாளில் கணக்கிட்டுவிட முடியும். கல்யாண ஸ்டூடியோ ஒன்றை உதாரணமாக வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

‘போன வருடம் இவ்வளவு கூடியது, இந்த வருடமும் அவ்வளவுதான் கூடும்’ என்பது பலரும் போடும் கணக்கு. ஸ்டூடியோவில் டேட்டா தானாகக் கூடுவதில்லை. அதைக் கூட்டுவது கல்யாணங்களும் கேமராக்களும். ஆகவே ஒரு கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல கேமராவில் எடுத்த ஒரு ரா படம் சுமார் 30 மெகாபைட் என்று கொள்வோம். 2,500 படங்களுக்கு 75 ஜிகாபைட். வீடியோவை 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும். இரண்டு கேமராக்களும் சேர்ந்து 5 மணி நேரம் பதிந்தால் 225. எடிட் செய்த படம், ஆல்பம், தேர்ந்தெடுத்த புகைப்படங்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 50. மொத்தம் 350 ஜிகாபைட். ஆண்டுக்கு 30 கல்யாணம் என்றால் 10.5 டெராபைட். எதையும் அழிக்காமல் இதே அளவில் வேலை நடந்தாலே மூன்றாம் ஆண்டு முடிவில் 31 டெராபைட்டைத் தாண்டிவிடும்.

இந்த 350-இல் 300 மூலப்பதிவு. வேலை முடிந்து, ஆல்பமும் படமும் கைக்குப் போன பிறகு அதைக் காலமெல்லாம் காக்கத் தேவையில்லை. ‘மூலப்பதிவு ஓராண்டு வரை மட்டுமே வைத்திருப்போம்’ என்று முன்பணம் வாங்கும்போதே ரசீதில் எழுதிவிட்டால், ஆண்டாண்டாகச் சேர்ந்துகொண்டே போவது அந்த 50 ஜிகாபைட் மட்டும்தான். மூலப்பதிவோ ஓராண்டு அளவிலேயே நிற்கும். பழையது வெளியேறப் புதியது வரும்.

இப்போது எதிர்காலத்தைக் கணிக்கலாம். கல்யாணங்கள் 30, 33, 36 என்று கூடுவதாகவும், மூன்றாம் ஆண்டில் மூன்றாவது வீடியோ கேமரா வாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். முதலாண்டு முடிவில் கையில் 10.5 டெராபைட். இரண்டாமாண்டு முடிவில் மூலப்பதிவு 9.9, முடித்த வேலை 3.15, மொத்தம் சுமார் 13. மூன்றாமாண்டில் புதுக் கேமராவும் சேர்ந்துகொள்வதால் ஒரு கல்யாணத்தின் வீடியோ 225-இலிருந்து 337 ஜிகாபைட்டுக்கு ஏறுகிறது. ஆண்டு முடிவில் மொத்தம் கிட்டத்தட்ட 20 டெராபைட்.

முதல் இரண்டு ஆண்டுகளின் வளர்ச்சியை மட்டும் பார்த்தவர், ‘24 சதவீதம் கூடியிருக்கிறது, அடுத்து 16 டெராபைட் போதும்’ என்று முடிவு கட்டியிருப்பார். இடைப்பட்ட 4 டெராபைட்டும் அந்தக் கேமரா கொண்டுவந்தது. பழைய சதவீதத்தில் அது தெரியவே தெரியாது. புதுக் கேமரா, கூடுதல் தரம், புது வகை வேலை போன்றவற்றை யோசிக்கும்போதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

20 டெராபைட் தேவை என்றால் 20 வாங்கினால் போதாது. டிஸ்க் நிரம்ப நிரம்ப வேலையின் வேகம் குறையும். எடிட்டிங் மென்பொருள் தற்காலிகமாக எழுதும் கோப்புகளுக்கும் இடம் வேண்டும். அதனால் 80 சதவீதத்தை எல்லையாக வைப்பது வழக்கம். 20-ஐ 0.8-ஆல் வகுத்தால் 25. இன்னொரு குழப்பமும் உண்டு. 12 டெராபைட் என்று பெட்டியில் அச்சிட்ட டிஸ்க்கை விண்டோஸ் 10.9 என்று காட்டும். டிஸ்க்கில் குறை ஒன்றும் இல்லை. பெட்டியில் ஆயிரத்தின் மடங்கிலும் திரையில் 1,024-இன் மடங்கிலும் எண்ணுகிறார்கள். திரையில் பார்த்த அளவையும் பெட்டியில் படித்த அளவையும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது.

இனி வாங்குவது. ஐந்து டிஸ்க் பொருத்தக்கூடிய நாஸ் பெட்டி ஒன்றில் மூன்று 12 டெராபைட் டிஸ்க்குகளைப் போட்டு, ரெய்டு 5 முறையில் அமைக்கலாம். இதில் ஒரு டிஸ்க் பழுதானாலும் டேட்டா தப்பும். அந்தப் பாதுகாப்புக்கு ஒரு டிஸ்க் அளவு இடம் போய்விடும். கைக்கு வருவது 24. அதன் 80 சதவீத எல்லை 19.2 டெராபைட். மூன்றாமாண்டில் மாதத்துக்குச் சராசரியாக அரை டெராபைட்டுக்குச் சற்று அதிகமாகக் கூடுவதால், 11-ஆம் மாதத்தில் அந்த எல்லையைத் தொடுவோம். விலை விசாரிக்க, வாங்க, புது டிஸ்க்கைச் சேர்த்து நாஸ் தன் டேட்டாவை மறுபடி அடுக்கி முடிக்க இரண்டு மூன்று மாதம் ஒதுக்கினால், 8-ஆம் மாதமே நான்காவது டிஸ்க்குக்குச் சொல்லிவிட வேண்டும். அடுக்கும் வேலை ஒரு நாளுக்கு மேலும் ஓடலாம். ஆடி, மார்கழி போன்ற ஓய்வு மாதங்கள் அதற்குத் தோதானவை.

ஐந்தையும் முதலிலேயே நிரப்பிவிட்டால் என்ன? டிஸ்க்கின் உத்தரவாதக் காலம் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். சும்மா சுற்றும் டிஸ்க்கும் தேயும். ஒரு டெராபைட்டின் விலை நீண்ட கால நோக்கில் குறைந்துவந்திருக்கிறது, ஆனால் எப்போதும் குறையும் என்று நம்பிக் கடைசி நாள் வரை காத்திருக்கவும் முடியாது. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் விலை எகிறியது. அதனால் பெட்டியைப் பெரிதாக வாங்கி, டிஸ்க்குகளை எல்லை வரும் முன் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே சின்ன நிறுவனத்துக்கு ஏற்றது.

ரெய்டு காப்புப் பிரதி ஆகாது. தவறுதலாக அழித்தாலோ, திருட்டுப் போனாலோ, வைரஸ் பூட்டிவிட்டாலோ அது கைகொடுக்காது. ஆகவே மூலத்தோடு பிரதியும் வளரும்: 20 டெராபைட்டுக்கு இன்னொரு 20, அதுவும் வேறு கட்டடத்தில். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற நினைப்பவர் நேரத்தையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் ஏற்றும் இணைப்பில்கூட ஒரு கல்யாணத்தின் 300 ஜிகாபைட் மூலப்பதிவுக்கு ஆறே முக்கால் மணி நேரம் ஆகும். முடித்த வேலையை மட்டும் இணையத்திலும், மூலப்பதிவைத் தனி டிஸ்க்கிலும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் அழிக்க வேண்டியது அழியாமல் நிற்பதால்தான். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுப்பவர்கள் உண்டு. அப்படிப் பத்துக் குடும்பங்கள் ஓராண்டைத் தாண்டினால் 3 டெராபைட் முடங்கிவிடும். இதை முன்கூட்டியே அறிய, மாதத்தின் முதல் நாள் மூன்றே மூன்று எண்களைக் குறித்துவைத்தால் போதும்: மொத்தம் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது, போன மாதத்தைவிட எவ்வளவு கூடியது, ஓராண்டு தாண்டியும் அழிக்கப்படாத கல்யாணங்கள் எத்தனை. எல்லைக்கு மிச்சமிருக்கும் இடத்தை மாத வளர்ச்சியால் வகுத்தால் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பது கிடைக்கும். விடை மூன்றுக்கு வந்துவிட்டால் டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது கேமராவுக்கு விலை பேசும்போதும் இதே தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அது கேட்பது 4 டெராபைட், பிரதியோடு 8. அந்த 8-இன் விலையையும் கூட்டியதுதான் கேமராவின் விலை.