மாறாத மாதிரி

நுழையும்முன்

பல்லாயிரம் பெயர்கள் கொண்ட பட்டியலை முழுமையாகச் சரிபார்ப்பது அரிது. ஆகவே, சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்கிறோம். அந்தச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தவர் யார், எவ்வாறு, எத்தனை முறை என்ற வினாக்களுக்கு விடை இல்லையெனில் தணிக்கையின் முடிவை நம்ப இயலாது. அவ்விடையைப் பதிவு செய்யும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அறுபது வீடுகள்

ஒரு மாவட்டத்தில் வீடு கட்டும் திட்டத்தின்கீழ் 12,000 பேருக்கு முழுத்தொகையும் வழங்கப்பட்டதாகப் பதிவேடு கூறுகிறது எனக் கொள்வோம். அவற்றுள் 60 வீடுகளை மட்டும் நேரில் பார்க்கத் தணிக்கைக் குழு முடிவு செய்கிறது. 12,000 எங்கே, 60 எங்கே என்று ஐயுறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம்.

பட்டியலில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 600 பதிவுகள் பொய்யானவை என்க. சமவாய்ப்பு முறையில் எடுக்கும் ஒரு பதிவு மெய்யானதாக இருக்கும் வாய்ப்பு 0.95 ஆகும். எடுத்த 60 பதிவுகளும் மெய்யானவையாகவே அமையும் வாய்ப்பை அறிய 0.95 என்பதை 60 முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.046. எனவே, ஒரு பொய்ப்பதிவாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 95க்கும் மேல். சிறிய மாதிரியின் வலிமை இதுவே.

அதன் எல்லையையும் உணர வேண்டும். பொய்ப்பதிவுகள் நூற்றுக்கு ஒன்று மட்டுமே இருந்தால், அதே 60 வீடுகளில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 0.55 ஆகிவிடும். மிகச் சிறிய தவறுகளைக் காண மாதிரி பெரிதாக இருக்க வேண்டும்.

மீண்டும் எடுத்தால் என்ன?

மேற்கண்ட கணக்கு, மாதிரி ஒரே ஒரு முறை எடுக்கப்பட்டது என்னும் அடிப்படையில் அமைந்தது. தேர்வு செய்யும் அலுவலர் தமது அறையில் தனித்திருந்து, கணினியில் 60 எண்களை எடுக்கிறார். பொய்ப்பதிவுகள் எவை என்பதை அவர் முன்பே அறிவார். அவற்றுள் ஒன்று மாதிரியில் தென்பட்டதும் அதை அழித்துவிட்டு மறுபடியும் எடுக்கிறார். இவ்வாறு 20 முறை எடுத்தால், பொய்ப்பதிவு ஒன்றும் இல்லாத மாதிரி ஒருமுறையேனும் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 61 ஆக உயர்கிறது.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. அந்த 20 மாதிரிகளில் ஒவ்வொன்றும் சமவாய்ப்பு முறையில் எடுக்கப்பட்டதே. இறுதியில் கையில் உள்ள 60 எண்களை எவ்வளவு ஆராய்ந்தாலும் அவற்றில் குறை காண இயலாது. குறை எண்களில் இல்லை. எந்த மாதிரியை வைத்துக்கொள்வது என்று தேர்ந்ததில் உள்ளது. ஆகவே, மாதிரி ஒருமுறையே எடுக்கப்பட்டது என்பதைப் பிறர் சரிபார்க்க வழி வேண்டும்.

வித்தெண்

அதற்கான வழிமுறை மூன்று படிகளைக் கொண்டது. முதற்படி, பட்டியலை மூடுவது. 12,000 பதிவுகளுக்கும் வரிசை எண் இட்டு, அதன் படியைத் தணிக்கைக் குழுவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் ஒரு பெயரைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ இடம் மாற்றவோ கூடாது.

இரண்டாம் படி, பலர் முன்னிலையில் பகடை உருட்டுவது. 0 முதல் 9 வரை எண்கள் பொறித்த பத்துமுகப் பகடையை 20 முறை உருட்டினால் 20 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இதற்கு வித்தெண் என்று பெயர். ஒரு வித்திலிருந்து ஒரு மரமே முளைப்பதுபோல, இவ்வெண்ணிலிருந்து ஒரே ஒரு மாதிரிதான் பிறக்கும்.

மூன்றாம் படி, கணக்கீடு. வித்தெண்ணையும் 1, 2, 3 என்னும் எடுப்பு வரிசையையும் சேர்த்து, `SHA-256` எனப்படும் பொதுவான கணினி வாய்பாட்டில் இடுகிறோம். அது மிகப் பெரிய எண் ஒன்றைத் தரும். அதை 12,000 ஆல் வகுத்து, மீதியுடன் 1 கூட்டினால் பட்டியலின் ஒரு வரிசை எண் கிடைக்கும்.

```
SHA-256("40718259306617492853,1") mod 12000 + 1
SHA-256("40718259306617492853,2") mod 12000 + 1
```

முன்பு வந்த எண்ணே மீண்டும் வந்தால் அதை விடுத்து அடுத்ததற்குச் செல்ல வேண்டும். 60 வெவ்வேறு எண்கள் கிடைத்ததும் நிறுத்த வேண்டும். விடை எவ்வாறு அமையும் என்பதை முன்கூட்டி ஊகிக்க இயலாது; ஆனால், அதே வித்தெண்ணை இட்டால் எவர் கணினியிலும் அதே 60 எண்களே வரும்.

படிகளின் வரிசை மாறினால் முறையே பாழாகும். வித்தெண் முன்பே தெரிந்துவிட்டால், பட்டியலை வைத்திருப்பவர் பொய்ப்பதிவுகளை மாதிரியில் இடம்பெறாத எண்களுக்கு நகர்த்திவிடலாம். ஆகவேதான் பட்டியலை மூடிய பின்னரே பகடை உருட்டப்படுகிறது.

கொலராடோவின் பகடைகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் இம்முறையை மாநிலம் முழுவதும் கையாண்டது. தணிக்கையில் பங்கேற்ற ஒவ்வொரு மாவட்டமும் தன்னிடமுள்ள வாக்குச்சீட்டுகள் எந்தப் பெட்டியில் எத்தனை உள்ளன என்னும் பட்டியலை முதலில் ஒப்படைத்தது. பின்னர்ப் பொதுமக்கள் முன்னிலையில் பத்துமுகப் பகடைகளை உருட்டி 20 இலக்க வித்தெண் பெறப்பட்டது. அதன்வழித் தேர்வான வாக்குச்சீட்டுகளை எடுத்து, இயந்திரம் பதிந்த கணக்கோடு ஒப்பிட்டனர்.

தெரிந்து தெளிவோம்

முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்தனர். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, அவையோர் கேட்கப் படிக்க வேண்டும். எடுக்கும் முறையே கல்லில் பொறிக்கப்பட்டது இங்குக் கருதத்தக்கது.

பூட்டிய வீடு

வித்தெண் வழி எடுத்த மாதிரியும் களத்தில் சிதையக்கூடும். 4,337ஆம் வரிசை எண்ணுக்குரிய வீட்டைத் தேடிச் சென்ற குழுவினர், அது பூட்டியிருக்கக் கண்டு பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இது சிறு மாற்றமாகத் தோன்றும். ஆனால், கட்டப்படாத வீடும் இல்லாத பயனாளியும்தான் பெரும்பாலும் காணக் கிடைக்காதவை. காணாதவற்றுக்கு ஈடாகக் கண்டவற்றைச் சேர்த்தால், தேடிச்சென்ற தவறே மாதிரியிலிருந்து நழுவிவிடும். எனவே, மீண்டும் சென்று பார்த்தும் சரிபார்க்க இயலாத பதிவை ‘சரிபார்க்கப்படவில்லை’ என்றே குறித்து, குறையுள்ளவற்றோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். கொலராடோவிலும் தேர்வான சீட்டு கிடைக்காவிடில், அது தணிக்கைக் கணக்கில் குறையாகவே கொள்ளப்படுகிறது.

தணிக்கை அறிக்கையில் மூடிய பட்டியலின் நாள், பதிவுகளின் எண்ணிக்கை, வித்தெண், உடனிருந்தோர் கையொப்பம், கணக்கிட்ட வாய்பாடு, கிடைத்த 60 எண்கள் ஆகியவை இடம்பெற வேண்டும். பின்னொரு நாளில் ஐயம் எழுந்தால், அப்பட்டியலையும் வித்தெண்ணையும் கொண்டு எவரும் மறுபடி கணக்கிடலாம். அறுபதில் ஓர் எண் மாறியிருந்தாலும், எந்த எண்ணுக்கு மாற்றாக எது வைக்கப்பட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும்.