ஸ்லைடில் ஒரு வரி, கையில் ஒரு யூசர் ஸ்டோரி

மென்பொருள் திட்டத்தின் முதல் கூட்டத்தில் வாடிக்கையாளர் காட்டும் ஸ்லைடுகள் பெரும்பாலும் மேலிடத்தின் ஒப்புதலுக்காகத் தயாரானவை. அதனால் அவற்றில் ஆசைகள் இருக்கும், அளவுகள் இருக்காது.

ஒரு மருத்துவமனைச் செயலியை எடுத்துக்கொள்வோம். 5-ஆம் ஸ்லைடில், "முன்பதிவை ரத்து செய்வது எளிதாக இருக்கும்" என்று ஒரு வரி. முதலில் அதை ஸ்லைடு எண்ணோடு அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் மூலத்துக்குத் திரும்ப அதுவே வழி. அடுத்து மூன்று கேள்விகள்: யாருக்கு, என்ன, எதற்காக? 'எதற்காக' ஸ்லைடில் இல்லை. கேட்டால், "நோயாளி வராவிட்டால் டாக்டரின் நேரம் வீணாகிறது" என்கிறார் வாடிக்கையாளர். இப்போது எழுதலாம்:

"நோயாளியாகிய நான், வர முடியாதபோது என் முன்பதிவை போனிலேயே ரத்து செய்ய வேண்டும், அந்த நேரம் இன்னொருவருக்குக் கிடைப்பதற்காக."

அதன் ஏற்பு நிபந்தனைகள்:

- குறித்த நேரத்துக்கு 2 மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம்.
- ரத்தானதும் அந்த நேரம் மற்றவர்களுக்குக் காலியாகத் தெரியும்.
- கெடு தாண்டினால் ரத்து செய்ய முடியாது. வரவேற்பறையின் தொலைபேசி எண் திரையில் வரும்.

தவறு நுழையும் இடம் அந்த '2 மணி நேரம்'. அது ஸ்லைடில் இல்லை, குழுவின் ஊகம். "உறுதி செய்யவும்" என்று குறித்து, வாடிக்கையாளரின் பதில் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

நிபந்தனை சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. இருவர் தனித்தனியே சோதித்தால், இருவருக்கும் ஒரே 'ஆம்' அல்லது 'இல்லை' கிடைக்க வேண்டும். 'எளிது' என்ற சொல்லுக்கு அப்படிக் கிடைக்காது.