மூன்று மணி நேரத் தேர்வு, ஐந்து மணி நேர அலசல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு டெஸ்ட் பேட்ச் தேர்வு. பன்னிரண்டரைக்கு முடிகிறது. சற்று நேரத்தில் விடைக்குறிப்பு வந்துவிடும். சரிபார்த்து, '138 சரி' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு வினாத்தாளைப் பைக்குள் வைத்தால் அதோடு சரி. இனி அடுத்த ஞாயிறுதான். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பலருடைய வாரம் இப்படித்தான் ஓடுகிறது. எத்தனை முழுத்தேர்வு எழுதினாலும் மதிப்பெண் நகரவில்லையே என்று புலம்புபவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது, அந்தப் பைக்குள் போன வினாத்தாளை.

குரூப் 4-இல் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. கேள்விக்கு 54 நொடிதான் கிடைக்கிறது. அதிலும் ஓஎம்ஆர் தாளில் வட்டங்களைக் கருப்பு மைப் பேனாவால் நிரப்ப வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஆறு நொடி என்று வைத்தாலே இருபது நிமிடம் போய்விடும். நோட்டில் விடை எழுதிப் பார்க்கும் மாதிரித் தேர்வு இந்த இருபது நிமிடத்தைக் கணக்கில் காட்டாது. அதனால்தான் வீட்டில் எழுதினாலும் ஓஎம்ஆர் தாளை அச்செடுத்து, அதே ஒன்பதரை மணிக்கு உட்கார வேண்டியிருக்கிறது.

தவறான விடைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் குறைப்பு இல்லை. 'விடை தெரியவில்லை' என்பதற்கு E என்ற ஐந்தாவது வட்டம் இருந்தாலும், குருட்டாம்போக்கில் அடித்தால்கூட நான்கில் ஒன்று சரியாகும் என்பதால் எல்லோரும் ஏதோ ஒரு வட்டத்தை நிரப்பிவிடுகிறார்கள். தேர்வில் அது சரியான முடிவே. ஆனால் மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணை அதுதான் நம்ப முடியாததாக்குகிறது. தெரிந்து எழுதியதும் அதிர்ஷ்டத்தில் விழுந்ததும் விடைக்குறிப்பின் முன் ஒன்றுபோலத்தான் நிற்கும்.

இரண்டையும் பிரிக்கத் தேர்வு நடக்கும்போதே வழி செய்துகொள்ள வேண்டும். உறுதியாகத் தெரிந்த கேள்வியின் பக்கத்தில் எதுவும் வேண்டாம். கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் வினாத்தாளில் ஒரு புள்ளி. அவ்வளவுதான், அரை நொடி வேலை. தேர்வு முடிந்தபின் நினைவிலிருந்து புள்ளி வைப்பதில் பயனில்லை. விடை சரி என்று தெரிந்த மறுகணமே 'எனக்குத் தெரிந்ததுதானே' என்று மனம் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இப்போது அந்த 138-ஐ எடுத்துக்கொள்வோம். 207 மதிப்பெண். சரியான 138-இல் 31 கேள்விகளுக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கிறது என்று வைப்போம். அப்படியானால் கையில் உறுதியாக இருப்பது 107 கேள்விகள், 160.5 மதிப்பெண் மட்டுமே. அலச வேண்டியவை தவறிய 62-உம் இந்த 31-உம் சேர்த்து 93.

இந்த 93-ம் ஒரே மாதிரியானவை அல்ல. 'பொருந்தாதது எது' என்பதைக் கவனிக்காமல் விட்டது, வட்டம் மாற்றி நிரப்பியது போன்ற கவனப்பிசகு 12 என்றால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். படித்தும் குழம்பியவை 44. உண்மையான வேலை இங்கேதான். வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு என்ற கேள்விக்கு 1801 என்று ஒருவர் நிரப்பியிருக்கிறார். விடை 1806 என்று திருத்தி எழுதினால் பத்து நொடியில் முடிந்துவிடும். அடுத்த மாதம் அதே குழப்பம் திரும்ப வரும். 1801 ஏன் மனதில் வந்தது என்று தேடினால், அது மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஆண்டு. அதற்கு முன் 1799-இல் கட்டபொம்மன். மூன்றையும் வரிசையாக எழுதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்க்க நான்கு நிமிடமாகும். மூன்று கேள்விகள் சரியாகும்.

கணக்கில் தவறியவை 9. இவற்றின் தீர்வைப் படிக்கக் கூடாது, வெள்ளைத்தாளில் மறுபடி போட வேண்டும். ஒருவர் 10 நாளிலும் மற்றவர் 15 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள்? சராசரி எடுத்து பன்னிரண்டரை என்று நிரப்பியவர், மறுபடி போடும்போதுதான் தனியாள் பத்து நாளில் முடிக்கும் வேலைக்கு இரண்டு பேர் சேர்ந்து எப்படி அதிக நாள் எடுப்பார்கள் என்று நின்று யோசிப்பார். விடை 6. இப்படி ஒன்றுக்கு ஏழு நிமிடம்.

மீதி 28 இதுவரை படிக்காத பாடங்களிலிருந்து வந்தவை. அவற்றை அலசல் நேரத்தில் படிக்க உட்காரக் கூடாது. எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று ஒரு நிமிடத்தில் குறித்துவிட்டுப் படிப்பு அட்டவணைக்குத் தள்ள வேண்டும். பலருக்கு அலசல் பாதியில் நின்றுபோவதே இந்த இடத்தில்தான். ஒரு கேள்விக்காகப் புத்தகத்தைத் திறந்து முழுப் பாடத்துக்குள் போய்விடுகிறார்கள்.

கூட்டினால் 24, 176, 63, 28. மொத்தம் 291 நிமிடம், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஞாயிறு மாலை கவனப்பிசகும் கணக்கும், திங்களும் செவ்வாயும் குழம்பியவை என்று பிரித்தால் தாங்கும். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் கடைசி முப்பது கேள்விகளுக்கு விடையைத் திருத்துவது மட்டுமே நடக்கும். இந்த நிமிடங்கள் எல்லோருக்கும் பொருந்தாது. முதல் இரண்டு தேர்வுகளில் கடிகாரம் வைத்துத் தன் வேகத்தை அளந்துகொள்வதே சரி.

அடுத்த தேர்வு எப்போது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும். 2025-இல் குரூப் 4 அறிவிப்பு ஏப்ரல் 25 அன்று வந்தது. தேர்வு ஜூலை 12, சனிக்கிழமை. இடையில் பதினோரு வாரம். அந்த நாள்காட்டியை வைத்துத் திட்டமிட்டால், ஏப்ரல் 27 அன்றே முதல் முழுத்தேர்வு எழுதலாம். பாடம் முடியவில்லை என்று காத்திருந்தால் எந்தப் பாடம் பாக்கி என்பதே தெரியாது. அடுத்தவை மே 11-உம் 25-உம். ஆரம்பத்தில் படிக்காத பாடக் கேள்விகள் அதிகம் வரும், அவற்றைப் படிக்க இடைவெளி வேண்டும் என்பதால்தான் இரண்டு வாரம். ஜூன் முதல் வாரம் ஒன்று. கடைசித் தேர்வு ஜூலை 6, ஞாயிறு. மொத்தம் ஒன்பது. முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் இதில் சேர்க்கலாம்; அவற்றுக்குத் தேர்வாணையத்தின் விடைக்குறிப்பே இருப்பதால், தவறான விடைக்குறிப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வாரம் ஒன்று என்பதை இரண்டாக்கலாமா என்றால், அலச வேண்டிய எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 93 என்பது ஐம்பதுக்குக் கீழே இறங்கி, அலசல் இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது என்றால் தாராளமாக எழுதலாம். மதிப்பெண் ஏறியும் அந்த எண் இறங்கவில்லை என்றால் ஏறியது ஊகம்தான். போன வாரத் தாளின் அலசல் பாக்கியிருந்தால், கட்டணம் கட்டிய டெஸ்ட் பேட்ச்சாகவே இருந்தாலும், இந்த ஞாயிறு தேர்வை விட்டுவிட்டுப் பழைய தாளை முடிப்பது மேல்.

தவறுகள் எங்கே விழுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாக எழுதிய ஐம்பது கேள்விகளில் குவிந்திருந்தால் அது பாடக் குறை அல்ல, நேரக் குறை. அதற்குப் புத்தகம் தேவையில்லை. எந்தப் பகுதியை முதலில் எழுதுவது, வட்டத்தை எப்போது நிரப்புவது என்பதை அடுத்த தேர்வில் மாற்றிப் பார்த்தால் போதும். அந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஜூன் மாதம்தான் இடம். ஜூலை 6-இல் எழுதுவது ஏற்கெனவே தேறிய வரிசையாக இருக்க வேண்டும். அந்தத் தாளையும் செவ்வாய்க்குள் அலசி முடித்துவிட்டு, மீதமுள்ள மூன்று நாளும் முந்தைய எட்டுத் தாள்களில் புள்ளி வைத்த கேள்விகளை மட்டும் விடையை மூடிக்கொண்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம்.