ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஒரு வாழ்த்துப்பா

பணி நிறைவு விழாக்களில் படிக்கப்படும் வாழ்த்துப்பாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். ஏணி, தோணி, மெழுகுவர்த்தி மூன்றும் தவறாமல் வந்துவிடும். தமிழாசிரியர் யாராவது எழுதிக் கொடுத்தால், நல்லாசிரியருக்கு நன்னூல் சொல்லும் நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கு உவமைகளும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் நல்ல உவமைகள்தாம். ஆனால் பெயரை மாற்றிவிட்டால் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் அதே பாட்டு பொருந்தும்.

முன்னாள் மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கூடி நின்று படிக்கும் பாட்டு வேறு வகை. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஓய்வு வயது 60. இருபத்தைந்தில் வேலைக்குச் சேர்ந்தவரிடம் முதலில் பத்தாம் வகுப்பு படித்தவர் இன்று ஐம்பதைத் தொட்டிருப்பார். கடைசி வகுப்பில் இருந்தவருக்கு இன்னும் மீசை அரும்பியிருக்காது. இத்தனை பேருக்கும் பொதுவான நினைவு எது என்பதுதான் எழுதுபவரின் முதல் சிக்கல். ஒவ்வொரு செட்டிலும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, மூன்று செட்டுக்கு மேல் தனித்தனியாகச் சொல்லும் செய்தியை எடுத்துக்கொள்வது நல்ல வழி.

ஒரு கணக்கு ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். “அன்பானவர், கண்டிப்பானவர்” என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் பாட்டு இல்லை. கரும்பலகையில் முழங்கையை ஊன்றி, ஒரே வீச்சில் வட்டம் போடுவார் என்று நான்கு செட்டுக்காரர்கள் சொன்னால் பாட்டு கிடைத்துவிட்டது:

முழங்கை ஊன்றி வட்டம் வரைந்தீர்;
காம்பஸ் வைத்தும் எங்களுக்குக் கோணியது.

புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் புகழ்ந்தாயிற்று. கூட்டமும் சிரிக்கும்.

அதிகம் சறுக்கும் இடம் வினைச்சொல். “வாழ்ந்தீர், மறவோம், உம் நினைவு நிலைக்கும்” என்றே ஓடினால் பாட்டு இரங்கற்பா ஆகிவிடும். மாலை போட்ட படம் ஒன்றுதான் பாக்கி. எழுதியதை விவரம் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டினால், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வகுப்பில் செய்ததை இறந்தகாலத்திலும் அவரது குணத்தை நிகழ்காலத்திலும் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். பட்டப்பெயர், பிரம்படி இரண்டும் அவருடைய வீட்டார் முன்னால் வேண்டாம்.

திடீர்க் கூட்டத்துக்கென்றே ஒரு கணக்கு உண்டு. கதவு திறந்ததும் ஆசிரியர் திகைத்து நிற்பார். முகங்களை அடையாளம் தேடுவார். முதல் சில வரிகள் அவர் காதில் ஏறாது. அதனால் அங்கே ஊர், பள்ளி, ஆண்டு என்று இலேசான செய்திகளை வைத்து, வட்டம் போட்ட வரியை அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு வரும்படி நடுவில் வைப்பார்கள்.

இருபது, இருபத்து நான்கு வரிகள் போதும். நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். மூத்த செட்டில் தொடங்கி செட்டுக்கு ஒருவர் நான்கு வரி படித்து, கடைசி இரண்டு வரியை எல்லாரும் சேர்ந்து சொல்லலாம். அந்த இரண்டு வரி மட்டும் சந்தத்தோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பாட்டில் சேர்க்காமல், சட்டமிட்டுக் கொடுக்கும் பிரதியின் அடியில் கையெழுத்தாக வாங்கிவிடுவது வழக்கம்.