கனடாவில் இருந்து வந்த போன் ஊரில் ஏன் 4ஜி எடுப்பதில்லை?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் போன் புதியதாக இருக்கும், படமும் நன்றாக எடுக்கும். ஆனால் ஊர் சிம்மைப் போட்டால் மேலே 4G என்று வராமல் E என்ற எழுத்தே நிற்கும். சாதாரண அழைப்பு போகும்; வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க முடியாது. போன் பழுது என்று நினைத்துத் திருத்துபவரிடம் கொடுத்துக் காசு செலவழித்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன்.

4ஜி சேவை உலகம் முழுவதும் ஒரே அலைவரிசையில் ஓடுவதில்லை. ஒவ்வொரு அலைவரிசைக்கும் 'பாண்ட்' என்று ஓர் இலக்கம் உண்டு. இலங்கையில் 4ஜியின் முதுகெலும்பு பாண்ட் 3, அதாவது 1800 மெகாஹேர்ட்ஸ். அதற்குத் துணையாக பாண்ட் 8 (900), பாண்ட் 1 (2100) ஆகியவையும் உள்ளன.

ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா ஒருவருக்கு மகன் ரொறன்ரோவில் இருந்து மலிவு விலை அன்ட்ரொயிட் போன் ஒன்றை அனுப்பியிருந்தார். அதன் மொடல் இலக்கத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். 4ஜிக்கு 2, 4, 5, 12, 66, 71 மட்டுமே இருந்தன. எல்லாம் வட அமெரிக்காவுக்குரியவை. 2ஜியில் 900, 1800 இரண்டும் இருந்ததால்தான் அழைப்பாவது போனது. இதை மென்பொருளாலோ செற்றிங்ஸாலோ சரிசெய்ய இயலாது. அந்த அலைவரிசைக்கான பாகங்களே உள்ளே இல்லை.

பாண்ட் 3 இருந்தால் மட்டும் போதுமா? யாழ்ப்பாணம், வவுனியா நகரங்களில் பெரும்பாலும் போதும். வன்னியின் உட்கிராமங்களில் கோபுரங்களுக்கு இடையே தூரம் அதிகம். 900 மெகாஹேர்ட்ஸ் அலை 1800ஐ விடத் தூரம் போகும், சுவரையும் கூடுதலாக ஊடுருவும். முற்றத்தில் 4ஜி எடுத்து, அறைக்குள் போனதும் விழுந்துவிடும் போனில் பாண்ட் 8 இருக்கிறதா என்று பாருங்கள். கிராமத்துக்கு வாங்குவதானால் இரண்டும் வேண்டும் என்றே நான் சொல்வேன்.

பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் நாடுகளிலும் 3, 8 பாவனையில் இருப்பதால் அங்கு வாங்கும் போன்களில் இந்தச் சிக்கல் அரிது. கனடா, அமெரிக்காவில் வாங்கினாலும் ஐபோன்களிலும் விலை கூடிய சம்சுங்குகளிலும் பொதுவாக இவை இருக்கும். மாட்டுப்படுவது அங்குள்ள மலிவு போன்களில்தான். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என விற்பார்கள். மொடல் இலக்கத்தின் கடைசி எழுத்துகள்தான் மாறும். வாங்கும் முன் பெட்டியில் உள்ள முழு இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதன் LTE வரியில் 3, 8 இருக்கிறதா என்று தேடுங்கள்.

பாண்ட் சரியாக இருந்தும் சிம்மை ஏற்காவிட்டால் அது பூட்டிய போன். கனடாவில் 2017 டிசம்பரில் இருந்து பூட்டாமலே விற்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் அப்படியில்லை, அங்கு வாங்குபவர் பொதி கட்டும் முன்பே, விற்ற நிறுவனத்திடம் பூட்டைத் திறப்பித்துவிட வேண்டும்.