பேதுருவிடம் கேட்ட மூன்று கேள்விகள்

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், திபேரியாக் கடலோரத்தில் காலை உணவு முடிந்ததும் இயேசு சீமோன் பேதுருவிடம் தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கிறார். சில நாட்களுக்கு முன், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பருகே நின்றபடி அவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர் பேதுரு. இந்தக் கடற்கரையிலும் கரிநெருப்பு எரிகிறது.

கிரேக்க மூலத்தில் இந்த உரையாடலுக்குள் இரண்டு வினைச்சொற்கள் மாறி மாறி வருகின்றன. முதல் இரண்டு முறையும் இயேசு 'அகபாவோ' என்ற வினையால் கேட்க, பேதுரு 'ஃபிலேயோ' என்ற வினையால் பதில் சொல்கிறார். மூன்றாம் முறை இயேசுவும் 'ஃபிலேயோ'வுக்கு வந்துவிடுகிறார். பேதுரு மனம் வருந்துவது அப்போதுதான்.

மேடைகளில் இதற்கு ஒரு விளக்கம் அடிக்கடி கேட்கலாம். அகபாவோ தெய்விகமான, தன்னலமற்ற அன்பு. ஃபிலேயோ வெறும் மனித நட்பு. பேதுருவால் ஏற முடியாத உயரத்திலிருந்து இயேசு இறங்கி வந்தார் என்பார்கள். கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் அதே நூலைப் புரட்டினால் அது நிற்பதில்லை. தந்தை மகன்மேல் வைத்த அன்புக்கு 3ஆம் அதிகாரத்தில் அகபாவோ வருகிறது, 5ஆம் அதிகாரத்தில் ஃபிலேயோ. இயேசுவின் அன்புக்குரிய சீடரைக் குறிக்கவும் 13இல் ஒரு வினை, 20இல் மற்றொன்று. மனிதர்கள் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்னும் இடத்தில் வருவதோ அகபாவோதான். எபிரேய மறைநூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, தாமாரைச் சீரழித்த அம்னோனின் வெறிக்கும் இந்த வினையையே தருகிறது. சொல்லுக்குள் தெய்விகம் குடியிருக்கவில்லை.

வேறுபாடு உண்டு என்று வாதிட்ட அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் டிரெஞ்ச், அகபாவோ பேதுருவின் காதுக்குக் குளிர்ந்த சொல்லாகப் பட்டது, அதனால்தான் அவர் நெருக்கமான ஃபிலேயோவைப் பற்றிக்கொண்டார் என்றார். வெஸ்ட்காட் நேர்மாறாக, பேதுரு உயர்ந்த சொல்லைச் சொல்லத் துணியாமல் தாழ்ந்ததைச் சொன்னார் என்றார். இலத்தீன் வுல்காத்தா இரண்டுக்கும் இரண்டு வினைகளை வைத்திருக்கிறது. அதைப் படித்த அகுஸ்தீனோ, 'கடவுளின் நகரம்' நூலின் 14ஆம் பகுதியில் இரண்டும் ஒன்றே என்றுதான் முடிவு செய்தார்.

அப்படியானால் தமிழில் ஒரே சொல் போதாதா? போதாது என்பேன். இந்த உரையாடலில் ஆட்டுக்குட்டிகள், ஆடுகள் என்றும், தீனி கொடு, மேய்த்துப் பேணு என்றும், அறிதலுக்கு இரண்டு வினைகளும் என எல்லாமே இரட்டையாக வருகின்றன. எழுதியவர் வேண்டுமென்றே சொற்களை மாற்றுகிறார். அதன் பொருளை வாசகர் எடைபோட வேண்டுமானால் மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதே சமயம் மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வைத் தமிழ்ச்சொல் கொண்டுவரவும் கூடாது.

இங்கேதான் தேர்வு கடினமாகிறது. காதல் என்றால் இன்றைய காதில் ஆண்-பெண் உறவு ஒலிக்கும். பாசம் வீட்டுக்குள் நிற்கும். சைவ சித்தாந்தம் அறிந்தவருக்கு அது உயிரைக் கட்டும் தளை. ஃபிலேயோவின் வேரில் நண்பன் என்ற சொல் இருப்பதால் நட்பு பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் தந்தை மகனோடு நட்பாயிருக்கிறார் என்று 5ஆம் அதிகாரத்தில் எழுத முடியுமா? அந்த ஓர் இடமே நட்பைத் தள்ளிவிடுகிறது. பேரன்பு, அன்பு என்று பிரித்தால் மேடை விளக்கத்தையே மொழிபெயர்ப்பாக்கியதாகும்.

தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு அகபாவோவுக்கு அன்பாயிருத்தல், ஃபிலேயோவுக்கு நேசித்தல் என்று வைத்தது. இதைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தென்படவில்லை. இரண்டும் அக்கம்பக்கத்துச் சொற்கள். இரண்டையும் கடவுளுக்கும் சொல்லலாம், தோழனுக்கும் சொல்லலாம். எது உயர்ந்தது என்று யாராலும் அறுதியிட முடியாது. ஆயினும் அன்பாயிருத்தல் ஒருவர் நிற்கும் நிலையைச் சொல்ல, நேசித்தல் 'உம்மை' என்று நேரே ஆளைத் தொடுகிறது. ஆட்டு மந்தை விஷயத்தில் மட்டும் அந்த மொழிபெயர்ப்பு இரண்டு வினைகளையும் மேய்த்தல் என்றே ஆக்கிவிட்டது; அங்கே 'தீனி கொடு' என்பதைத் தனியே காட்டியிருக்கலாம்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் 17ஆம் வசனம். இயேசுவின் மூன்றாம் கேள்வியில் நேசித்தல் வருகிறது. உடனே ஆசிரியர், அப்படி மூன்றாம் முறை கேட்டதால் பேதுரு வருந்தினார் என்று அதே வினையைத் திரும்பச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் தமிழில் நேசித்தலே வர வேண்டும். ஒன்றில் அன்பு என்று நழுவினால், மூன்று முறை கேட்டதா, சொல் மாறியதா, எது பேதுருவைக் குத்தியது என்ற கேள்வியைத் தமிழ் வாசகரால் எழுப்பவே முடியாமல் போய்விடும்.