பத்து பென்ஸ் முப்பதாகும் கணக்கு

2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தில் சிறிய அளவில் பீர் காய்ச்சி விற்பவர்கள் எழுதப் பிடிக்காத ஒரு கடிதத்தை எழுத வேண்டியிருந்தது. விலையை ஏற்றுகிறோம் என்ற கடிதம். பெரிய நிறுவனம் புதிய விலைப்பட்டியலை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சிறு ஆலைக்காரருக்கு அது முடியாது. அவரிடம் வாங்குபவர்கள் சுற்றுவட்டாரத்து பப்காரர்கள் சில டஜன் பேரும், வெள்ளிக்கிழமை மாலை ஆலைக்கே வந்து குடிக்கும் உள்ளூர்க்காரர்களும்தான். எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். மழுப்பி எழுதினால் அடுத்த வாரமே நேரில் கேட்பார்கள்.

விலை ஏன் ஏறியது என்று கேட்டால் அன்றைக்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருந்தது: உக்ரைன் போர். பொய் இல்லைதான். ஆனால் அதை மட்டும் சொன்னால் எதுவும் விளங்காது. ஒரு பீப்பாய் பீருக்குள் எரிவாயு எத்தனை வாசல் வழியாக நுழைகிறது என்று பார்த்தால்தான் கணக்கு புரியும்.

பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, சூளையில் உலர்த்தினால் மால்ட். அந்தச் சூளையை எரிப்பது பெரும்பாலும் எரிவாயு. பார்லி வயலுக்குப் போடும் நைட்ரஜன் உரம் எரிவாயுவிலிருந்து வருகிறது. கண்ணாடி பாட்டில் வார்க்கும் உலைகள் இரவுபகலாக எரிபவை. அவற்றை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. இவ்வளவும் கடந்து மால்ட் ஆலைக்கு வந்த பிறகுதான், ஆலைக்காரரின் சொந்தக் கொப்பரைக்கு அடுப்பு பற்றவைக்கப்படுகிறது.

இதில் கரியமில வாயுவின் கதை தனி. பீர் புளிக்கும்போது அந்த வாயு தானாகவே பொங்கி வெளியேறும். அதைப் பிடித்துச் சுத்தம் செய்து சேமிக்கும் கருவி சிறு ஆலைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரு பக்கம் வாயுவைக் காற்றில் விட்டுக்கொண்டே, பாட்டிலிலும் கெக்கிலும் அடைப்பதற்கு அதே வாயுவை சிலிண்டரில் காசு கொடுத்து வாங்குவார்கள். பிரிட்டனில் அது பெருமளவு உரத் தொழிற்சாலைகளின் துணைப்பொருளாகக் கிடைத்துவந்தது. 2021 செப்டம்பரில் எரிவாயு விலை தாங்காமல் பில்லிங்ஹாமிலும் இன்ஸிலும் இருந்த இரண்டு உரத் தொழிற்சாலைகள் நின்றன. உடனே கரியமில வாயுவுக்குத் தட்டுப்பாடு. ஒரு டன் 200 பவுண்டிலிருந்து 1,000 பவுண்டுக்குப் போகும் என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸே சொன்னார். உரம் செய்ய ஆளில்லாததால் பீருக்கு நுரை இல்லாமல் போகும் நிலை.

ஆனால் இவ்வளவையும் கடிதத்தில் கொட்டினால் அது செய்தித்தாள் ஆகிவிடும். வாடிக்கையாளர் கேட்பது ஒன்றுதான்: என் கோப்பைக்கு இதில் எவ்வளவு? அதற்குப் பதில் சொல்ல ஆலைக்காரர் தன் கணக்குப் புத்தகத்தைப் பீப்பாய் அளவுக்கு இறக்கிக் காட்ட வேண்டும்.

ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை. அளவுகள் அந்தத் தொழிலின் நடைமுறைக்கு ஒத்தவை. ஒரு தடவை காய்ச்சினால் சுமார் 1,640 லிட்டர். அது ஒன்பது காலன் பீப்பாய் நாற்பதை நிரப்பும். இந்தப் பீப்பாயை அங்கே ஃபர்கின் என்பார்கள். 72 பைண்ட் கொள்ளும். ஆண்டுக்கு நூறு முறை காய்ச்சினால் 4,000 பீப்பாய். வேலைக்கு நான்கு பேர். பப்புக்கு ஒரு பீப்பாய் 85 பவுண்டுக்குப் போகிறது, வாட் வரி தனி.

ஒரு காய்ச்சலுக்கு மால்ட் 250 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை பத்து. கிலோவுக்கு 20 பென்ஸ் ஏறினால் காய்ச்சலுக்கு 50 பவுண்ட் கூடுகிறது. நாற்பதால் வகுத்தால் பீப்பாய்க்கு 1.25 பவுண்ட். மின்சாரமும் எரிவாயுவும் பழைய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 12,000 பவுண்ட். புதிய ஒப்பந்தத்தில் 30,000. கூடுதலான 18,000 பவுண்டை 4,000 பீப்பாய்க்குப் பங்கிட்டால் 4.50. இதில் காய்ச்சும் அடுப்பின் பங்கை விடப் பெரியது, நாள் முழுக்க ஓடும் குளிரறையின் பங்கு. வீடுகளுக்கு இருந்த கட்டண உச்சவரம்பு வியாபாரங்களுக்குக் கிடையாது. 2022 அக்டோபர் முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் அரசு ஒரு நிவாரணம் கொடுத்தது. நேர்மையாக எழுதுகிறவர் அந்த நிவாரணத்தைக் கழித்த பிறகா, கழிக்காமலா இந்த 30,000 என்பதையும் சொல்லியாக வேண்டும். வசதியாக மறக்கத் தோன்றும் இடம் இதுதான்.

குறைந்தபட்சக் கூலி 2022 ஏப்ரலில் மணிக்கு 8.91 பவுண்டிலிருந்து 9.50 ஆனது. நாலு பேருக்கு அது பீப்பாய்க்குச் சுமார் 1.20. டீசலுக்கு 75 பென்ஸ், வாயுவுக்கும் கழுவும் ரசாயனங்களுக்கும் 50 பென்ஸ். மொத்தம் 8.20 பவுண்ட்.

இனி கடிதத்தை எழுதிப் பார்க்கலாம்.

“நண்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எங்கள் பீப்பாயின் விலை 85 பவுண்டிலிருந்து 92.20 பவுண்ட் ஆகிறது. இந்த மாதம் முடியும்வரை வரும் ஆர்டர்களுக்குப் பழைய விலைதான். எங்களுக்குப் பீப்பாய்க்கு 8.20 பவுண்ட் செலவு கூடியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் மின்சாரமும் எரிவாயுவும். அரசின் ஆறு மாத நிவாரணத்தைக் கழித்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறோம். மீதி மால்ட், கூலி, டீசல், வாயு. பீப்பாய்க்கு ஒரு பவுண்டை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்; அதற்கு மேல் ஏற்றால் அடுத்த ஆண்டு ஆலை இருக்காது. மது வரி ஏறவில்லை, ஆகவே அதைக் காரணமாகச் சொல்லவில்லை. பீரின் வீரியத்தையும் செய்முறையையும் மாற்றவில்லை. மின்சார ஒப்பந்தம் அடுத்த செப்டம்பரில் முடிகிறது. அப்போது கணக்கை மறுபடி பார்த்து, ஏறினாலும் இறங்கினாலும் எழுதுகிறோம். பைண்டுக்கு எங்களிடம் 10 பென்ஸ் கூடுகிறது. பப்பில் அது அதைவிட அதிகமாகத் தெரியும். அந்தக் கூடுதல் எங்களுக்கு வருவதில்லை.”

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பெரும்பாலானவர்கள் எழுத மாட்டார்கள். எழுதினால் பப்காரரைக் காட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கம். உண்மையில் அங்கே ஒளிக்க ஒன்றுமில்லை. பப் நடத்துகிறவர் பீருக்கு வரி நீங்கலான விற்பனை விலையில் ஏறக்குறைய 60 சதவீதம் தன் கைக்கு வர வேண்டும் என்று கணக்குப் போட்டால், வாடகை, கூலி, விளக்கு, கணப்பு எல்லாம் அந்த அறுபதில்தான். ஆகவே அவர் வாங்கும் விலை மொத்தத்தில் 40 சதவீதம். 85 பவுண்ட் பீப்பாயில் ஒரு பைண்ட் 1.18 பவுண்ட், அது விற்பனையில் 2.95 ஆகி, 20 சதவீத வாட் சேர்ந்து 3.54 ஆகிறது. கொள்முதலில் 10 பென்ஸ் ஏறினால் 40 சதவீதக் கணக்குப்படி விற்பனை விலை 25 பென்ஸ் ஏறும், வாட்டோடு சேர்த்தால் 30. குடிக்கிறவர் கூடுதலாகக் கொடுக்கும் 30 பென்ஸில் ஆலைக்கு 10, அரசுக்கு 5, பப்புக்கு 15.

பப்காரரின் செலவும் ஏறியிருக்கும்போது அந்த 15 பென்ஸ் நியாயமா என்றால், பல இடங்களில் நியாயம்தான். ஆனால் சதவீதத்தை அப்படியே வைத்துக்கொள்வதா, பவுண்டில் பழைய லாபத்தையே வைத்துக்கொள்வதா என்பது அவர் எடுக்கும் முடிவு. பவுண்டுக் கணக்கில் வைத்தால் கோப்பைக்கு 12 பென்ஸ்தான் ஏறும். கடிதத்தில் 10 பென்ஸ் என்று எண் இருந்தால் பப்காரரும் இதை யோசிக்க வேண்டியிருக்கும். எண் இல்லாவிட்டால் முப்பது பென்ஸும் ஆலைக்காரரின் தலையில்தான் விழும்.

மது வரி ஏறவில்லை என்று கடிதத்தில் சொன்னதற்கும் காரணம் உண்டு. பிரிட்டனில் பீர் மேல் வரி 2017-இலிருந்து மாறாமல் இருந்தது. ஒவ்வொரு நூறு லிட்டருக்கும், வீரியத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 19.08 பவுண்ட். 4 சதவீத பீரில் ஒரு பைண்டுக்கு 43 பென்ஸ். ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டருக்குள் காய்ச்சும் சிறு ஆலைகளுக்கு 2002-இல் கொண்டுவந்த சலுகையால் இதில் பாதிதான். 2022-இல் வரியைக் காரணம் காட்டியவர் ஒன்று தெரியாமல் எழுதியிருப்பார், அல்லது யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். பப்காரர்களுக்கு வரிக்கணக்கு மனப்பாடம்.

வீரியத்தை மாற்றவில்லை என்ற வரிக்கும் பின்னணி இருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்தைச் சிறிதாக்குவதுபோல் இங்கிலாந்தில் பைண்டைச் சிறிதாக்க முடியாது. குழாய் பீரை எந்த அளவில் விற்கலாம் என்பதைச் சட்டமே வகுத்திருக்கிறது. ஆனால் வீரியத்தைக் குறைக்கலாம். 2023-இல் ஃபாஸ்டர்ஸ் 4 சதவீதத்திலிருந்து 3.7 ஆனது, கார்ல்ஸ்பெர்க் டேனிஷ் பில்ஸ்னர் 3.8-இலிருந்து 3.4 ஆனது. வரி ஆல்கஹாலைப் பொறுத்தது என்பதால் வீரியத்தில் 0.3 சதவீதம் குறைந்தால் பைண்டுக்கு மூன்று பென்ஸுக்கு மேல் மிச்சம். மால்ட்டும் குறைகிறது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, லேபிளிலும் அச்சிடுகிறார்கள். ஆனாலும் பழகிய நாக்குக்கு வித்தியாசம் தெரியும். சிறு ஆலையின் வாடிக்கையாளர் அந்த நாக்குக்காரர்.

பிறகு என்ன ஆயிற்று? எரிவாயுவின் மொத்த விற்பனை விலை 2023-இல் வெகுவாக இறங்கியது. ஆனால் உச்சத்தில் ஒப்பந்தம் போட்டவர்கள் அது முடியும்வரை உச்ச விலையையே கட்ட வேண்டியிருந்தது. ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி 10.42 பவுண்ட் ஆனது. “நிலைமை சரியானதும் விலையைக் குறைப்போம்” என்று முந்தைய ஆண்டு வாக்குக் கொடுத்தவர்கள் இப்போது மாட்டிக்கொண்டார்கள். மறுபடி பார்க்கும் தேதியை மட்டும் குறித்தவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

2023 ஆகஸ்ட் 1 முதல் வரி முறையும் மாறியது. 3.5 முதல் 8.4 சதவீதம் வரை வீரியமுள்ள பீருக்கு, அதிலுள்ள ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 21.01 பவுண்ட் என்று ஏறியது. ஆனால் 20 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் கலங்களிலிருந்து குழாய் வழியாக ஊற்றும் பீருக்குப் பழைய 19.08-க்குச் சமமான அளவிலேயே நின்றது. ஒன்பது காலன் பீப்பாய் 41 லிட்டர் கொள்ளும். ஆகவே அந்த ஆகஸ்டில் பாட்டிலுக்கு வரியைக் காரணம் சொன்னது சரி. அரை லிட்டர் பாட்டிலில் 4.5 சதவீத பீருக்கு, சலுகையைக் கணக்கில் எடுக்காமல், நான்கு பென்ஸுக்குச் சற்று அதிகம். அதே கடிதத்தில் பீப்பாய்க்கும் அந்தக் காரணத்தைச் சேர்த்திருந்தால், முதல் பப்காரர் தொலைபேசியில் கூப்பிட்டிருப்பார்.